சன்னதியில் தெரிந்தவரைக் கண்டால்

ஐயா, வணக்கம். எனக்குத் திருவாரூருக்குப் பக்கத்து ஊர். பிரதோஷம் தவறாமல் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போகிறேன். போனால் உறவுக்காரர், கூட வேலை பார்ப்பவர், பழைய வாத்தியார் என்று பத்துப் பேராவது கண்ணில் படுகிறார்கள். கும்பிடாமல் இருந்தால் “பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டான்” என்று மனஸ்தாபம். கிட்டே போய் இரண்டு வார்த்தை பேசினால் பக்கத்தில் கண்மூடி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போன பிரதோஷத்தில் நந்தி பக்கத்தில் நின்ற வாத்தியாரின் காலைத் தொட்டுக் கும்பிடப் போனேன். அவர் சட்டென்று பின்வாங்கிவிட்டார். அதில் என்ன தப்பு? யாருடைய வழிபாட்டையும் கெடுக்காமல் ஒருவரை எப்படித்தான் விசாரிப்பது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாத்தியார் பின்வாங்கியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிவன் கோயிலில் விழுந்து கும்பிடும் இடம் கொடிமரத்தடி ஒன்றுதான். கிழக்கு, மேற்குப் பார்த்த கோயில் என்றால் வடக்கே தலை வைத்தும், வடக்கு, தெற்குப் பார்த்த கோயில் என்றால் கிழக்கே தலை வைத்தும் விழுவது வழக்கம். கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால் சுற்றிலும் பரிவார சன்னதிகள். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏதோ ஒரு தெய்வத்துக்கு நேரே கால் நீளும். அதனால் உள்ளே சுவாமிக்கே நின்றபடிதான் கும்பிடு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் காலில் குனிந்தால், விவரம் தெரிந்த பெரியவர் யாராக இருந்தாலும் பதறித்தான் விலகுவார். அவருக்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டுமென்றால் கோபுர வாசலுக்கு வெளியே செய்யுங்கள். இன்னும் நல்லது, அவர் வீட்டுக்கே போய்ச் செய்வது.

ஆனால் அடியாரைக் கும்பிடவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழச் சொல்வது சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம். இரண்டும் தொழத் தக்கவை. எதை எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கு விடை உங்கள் திருவாரூரிலேயே இருக்கிறது. தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, சுந்தரர் ஒதுங்கி உள்ளே போனார். அது பொறுக்காமல் விறன்மிண்டர் அவரைப் புறம்பு என்று ஒதுக்கினார். பிறகுதான் அடியார்களைப் போற்றிச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பிறந்தது. இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று, அந்த மண்டபம் இருக்கும் இடம். அது மூலவர் சன்னதிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அடியாரைக் கண்டு, கும்பிட்டு, அதன் பிறகு உள்ளே போகிற வரிசை அது. இன்றைக்கு நமக்கும் அதே வரிசை போதும்.

அதனால் பிரதோஷத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பிரதோஷ காலம் மாலை நாலரைக்குத் தொடங்குகிறது என்றால் நாலேகாலுக்குக் கோபுர வாசலில் இருங்கள். செருப்பு விடும் இடம், கால் கழுவும் குழாயடி, அருகம்புல்லும் வில்வமும் விற்கிற இடம் என்று உங்கள் பத்துப் பேரில் ஆறு பேரை அங்கேயே பார்த்துவிடலாம். வாய்விட்டு “வாங்கண்ணே, அக்காவுக்குக் கால் வலி தேவலையா?” என்று கேட்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை. பேச்சு நீண்டால் கொடிமரம் வரை நடந்துகொண்டே பேசுங்கள். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீதி நாலு பேரை உள்ளேதான் பார்ப்பீர்கள். முதலில் அவர் வழிபாட்டில் இருக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று தெரிய வேண்டும். கண் மூடியிருந்தால் கேள்வியே இல்லை. கண் திறந்திருந்தால்தான் ஏமாந்துபோவோம். தட்சிணாமூர்த்தி சன்னதிக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். உதடு அசையாது. பார்வை எங்கேயோ நிலைத்திருக்கும். சும்மா இளைப்பாறுகிறார் என்றே தோன்றும். அவருடைய வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால் அவர் மானச ஜபத்தில் இருக்கிறார்.

அது வெறும் விரல் அசைவு இல்லை. மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி அதன் அடிக்கணு, சுண்டு விரலின் அடி, நடு, நுனி, பிறகு மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலின் நுனி, நடு, அடி என்று வந்தால் பத்து. நடுவிரலின் கீழ் இரண்டு கணுவையும் மேருவாக வைத்துத் தொடாமல் விடுவார்கள். ஒரு சுற்று முடிந்தால் இடது கையில் ஒரு கணு. இப்படிப் பத்துச் சுற்றும் மேலே எட்டும் சேர்ந்து 108. ஏழாவது சுற்றில் இருப்பவரைத் தோளில் தொட்டு “சௌக்கியமா?” என்றால், அவர் பதில் சொல்வதற்குள் இடது கை எந்தக் கணுவில் நின்றது என்பது மறந்துபோகும். பலர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை, அவருக்கு முழு ஜபம் போயிற்று. சிலர் மேல்துண்டுக்குள் கையை வைத்துக்கொள்வார்கள். அப்போது துணி மட்டும் லேசாக அசைவது தெரியும்.

நிதானமாகச் சொன்னாலும் 108 பஞ்சாட்சரம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காத்திருக்க முடியாத நேரம் இல்லை. ருத்திராட்ச மாலை வைத்திருப்பவர் நாயகமணிக்கு வந்ததும் அதைத் தாண்டாமல் நிறுத்தி, மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். விரலில் எண்ணியவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவார். அதுவும் முடிவு இல்லை. அவர் எழுந்து நிற்கும்வரை விடுங்கள். ஜபம் முடிந்தபின் ஓரிரு நிமிடம் சும்மா இருப்பதும் அதன் பகுதிதான்.

வழிபாட்டில் இல்லாமல் வரிசையிலோ தூணோரத்திலோ நிற்பவர் என்றால், அவர் பார்வையில் படும்படி பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். பின்னாலிருந்து போய்த் தொடவே கூடாது. சிலர் நீராடி ஈரத்துணியோடு மடியாக வந்திருப்பார்கள். அவர்களுக்குத் தொடுவது பெரிய சங்கடம். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் கையை நெஞ்சளவில் குவித்து, தலையை லேசாகத் தாழ்த்தி, உடனே பார்வையைச் சன்னதிப் பக்கம் திருப்பிவிடுங்கள். தலைக்கு மேல் குவிப்பது சுவாமிக்கு என்பதால், நெஞ்சுக்கு மேலே கை போகாமல் இருந்தால் அது மனிதருக்கான வணக்கம் என்று யாருக்கும் புரியும். பார்வையைத் திருப்புவதில்தான் சூட்சுமம். கும்பிட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றால் அவர் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். திருப்பிவிட்டால் அவருக்கும் விடுதலை. அர்த்தமண்டபத்துக்கு முன்னால், மூலவர் நேரே தெரிகிற இடத்தில், இதுகூட வேண்டாம்.

நந்திக்கும் மூலவருக்கும் குறுக்கே போய் ஒருவரைக் கும்பிடுவதையும் அடிக்கடி பார்க்கலாம். எதிர்ப்பக்கம் தெரிந்தவர் நின்றால் கால் தானாக அங்கே போகும். நந்தியின் கொம்புகளுக்கிடையே கண்ணை வைத்துத் தரிசித்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேருக்கு நீங்கள் அப்போது திரை. நந்திக்குப் பின்னால் சுற்றிப் போனால் பத்து எட்டு கூடும், அவ்வளவுதான்.

எப்போது சத்தம் கூடுகிறது என்றும் கவனியுங்கள். பால், தயிர், இளநீர், சந்தனம் என்று அபிஷேகம் நடக்கும்போது எல்லோரும் பேசாமல்தான் இருப்பார்கள். அலங்காரத்துக்குத் திரை போட்டதும் பேச்சு கிளம்பும். சுவாமி தெரியவில்லை, இடைவேளை என்று எண்ணம். அந்த நேரத்தில்தான் ஜபம் செய்கிறவர்கள் ஜபத்தில் இருப்பார்கள், ஓதுவார் தேவாரம் பாடுவார். “கிசுகிசுன்னுதானே பேசினோம்” என்று சொல்லிப் பயனில்லை. கிசுகிசுப்பில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறிக்கொண்டு வரும். கருங்கல் சுவரும் தளமும் அதை விழுங்காமல் திருப்பி அனுப்பும். தவிர்க்க முடியாத சேதி என்றால், கிசுகிசுக்காமல் தாழ்ந்த சொந்தக் குரலில், காதருகே, நாலு வார்த்தையில் சொல்லுங்கள். “உங்க பேரன் வெளியே அழறான்” என்பது அந்த வகை. “எப்ப வந்தீங்க?” அந்த வகை இல்லை.

திரை போட்ட நேரத்தில் சிவபுராணம் சேர்ந்து படிக்கிற கோயில்கள் உண்டு. மொத்தம் 95 அடி. நடுவில் நீங்கள் வந்து சேர்ந்தால் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டாம், ஓரத்தில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து, பாடும் அடியில் விரலை வைத்துத் தன் புத்தகத்தை உங்கள் பக்கம் சாய்ப்பார். அதைவிட நல்ல வரவேற்பு கோயிலில் கிடையாது. அதற்கு “தேங்க்ஸ்” வேண்டாம், அந்த அடியிலிருந்து சேர்ந்து பாடினால் போதும். நீங்கள் முன்னால் வந்திருக்கும் நாளில் பிந்தி வருகிறவருக்கு அதையே செய்யுங்கள்.

யாராவது உங்களைச் சன்னதியிலேயே சத்தமாகக் கூப்பிட்டால் “உஷ்” என்று அடக்க வேண்டாம். அந்த ஒலியே ஒரு இடையூறு, கூப்பிட்டவருக்கும் நாலு பேர் முன்னால் அவமானம். நெஞ்சளவில் கும்பிட்டு, விரித்த உள்ளங்கையைக் கொடிமரத்துப் பக்கம் காட்டுங்கள். ‘அங்கே பேசலாம்’ என்று எவருக்கும் விளங்கும். விரல் நீட்டிக் காட்டினால் ‘வெளியே போ’ என்பது போலத் தோன்றும், அதனால் உள்ளங்கை. அப்புறம் சொன்னபடி கொடிமரத்தடியில் ஐந்து நிமிடம் அவருக்காக நிற்க வேண்டும். நிற்காமல் போனால் அந்தச் சைகைக்கு அடுத்த முறை மதிப்பிருக்காது.

தீபாராதனை முடிந்து ரிஷப வாகனத்தில் சுவாமி பிராகாரம் வரும்போது கூட்டம் கலைந்து நடக்கும். விட்டுப்போனவர்களின் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடங்கள். பேச வேண்டாம், கூட நடந்தாலே “பார்த்தேன்” என்று ஆகிவிடும். மூன்று சுற்று முடிந்து, விபூதி வாங்கி, பிரசாதத் தொன்னையோடு வெளிப் பிராகாரத்துத் திண்ணையில் உட்காருகிற நேரம்தான் விசாரணைக்கெல்லாம் உரியது. அதற்குள் கிளம்பிப் போய்விட்டவர் எவராவது இருந்தால், அன்று ராத்திரியே ஒரு போன் போட்டு, “நந்தி பக்கம் நின்னீங்க, பார்த்தேன், சுவாமி முன்னாடி கூப்பிட வேணாம்னு விட்டுட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாத்தியாருக்கு முதலில்.