304 சீட்டாட்டத்தில் கணினி எந்தச் சீட்டைப் போடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறது?

நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போட்டு முடிவது ஒரு பிடி. முதலில் விழுந்த இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம். எதிரெதிரே அமர்பவர்கள் ஓரணி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் எதுவுமில்லை. பலமும் இதே வரிசைதான்.

கணினி முதலில் விதிப்படி போடக்கூடியவற்றை மட்டும் பிரித்துக்கொள்கிறது. துருப்பல்லாத ஆடுதன் இனத்தில் எதிராளி ஆஸ், கூட்டாளி எட்டு, மற்ற எதிராளி பத்து போட்டிருக்க, கடைசியாகப் போடும் கணினியிடம் ஆடுதன் ஜாக்கி, ஒன்பது, ஏழு உள்ளன என்று கொள்வோம். வெல்வதற்கு ஒன்பதே போதும் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஜாக்கியே சரி. ஜாக்கி போனபின் ஒன்பதுதான் அந்த இனத்தில் பெரியது, ஆகவே பலம் குறையவில்லை. மேலும் அந்த இனத்தின் எட்டுச் சீட்டுகளில் வெளியே மிஞ்சியவை ராஜாவும் ராணியும் மட்டுமே என்பதால், மற்ற மூவரில் ஒருவரிடமாவது இனி ஆடுதன் இருக்காது. அவர் எதிராளியானால் அடுத்த பிடியை வெட்டக்கூடும். பத்திரமாகப் போய்ச்சேரும் என்று தெரிந்த வண்டியில் விலையுயர்ந்த நகைப்பெட்டியை ஏற்றி அனுப்புவது போன்றது இது. கூட்டாளியின் துருப்பு ஏற்கெனவே வென்றுகொண்டிருந்தாலும் இதே காரணத்தால் ஜாக்கியையே போடலாம். எதிராளி வெட்டியிருந்தால் மட்டும் ஏழைத் தள்ளிவிட வேண்டும்.

கணினி மற்றவர் கையை எட்டிப் பார்க்கிறது என்ற எண்ணம் தவறு. ஒழுங்காக எழுதப்பட்ட நிரலில் தன் கைச்சீட்டும் கீழே விழுந்த சீட்டுகளும் மட்டுமே அதற்குத் தரப்படுகின்றன, மேலே சொன்ன கணக்குக்கு அவையே போதும்.