‘நாம்’ என்ற சொல்லில் கேளுங்கள்

அன்புள்ள அக்கா, எனக்கு 29 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். அவர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஐந்து வருடப் பழக்கம். ஒருமுறை மண்சரிவில் பாதை மூடியபோது, என் பிள்ளைகளுக்கு வாங்கிய கொப்பிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் நடந்தே வந்து தந்தவர். தங்கையின் கலியாணம் முடியட்டும் என்றார். போன ஆவணியில் அதுவும் முடிந்துவிட்டது, பேச்சை எடுக்கவில்லை. நானே கடிதத்தில் கேட்கப் போகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். “உங்களுக்கு விருப்பம் இருந்தால், வீட்டிலும் சம்மதித்தால், என்னை ஏற்றுக்கொள்வீர்களா? எங்கள் வீட்டில் வரன் பார்க்கிறார்கள்” என்றுதான் வருகிறது. கெஞ்சாமலும் அதட்டாமலும் எப்படி எழுதுவது?
— ஒரு வாசகி, தலவாக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கிழித்துப் போட்ட அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை உறுத்துவது எதுவென்று அதிலேயே தெரிகிறது. ‘ஏற்றுக்கொள்வீர்களா’ என்ற வினையில் செய்கிறவர் அவர் ஒருவரே. நீங்கள் அவர் முன்னால் வைக்கப்பட்ட ஒரு பொருளாக நிற்கிறீர்கள். இது உங்கள் குற்றமன்று. கலியாணத்தைப் பற்றிப் பேசும்போது பெண்ணுக்கு நம் பேச்சுமொழி கொடுத்து வைத்திருக்கும் வினைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். ஆண் தாலி கட்டுகிறான், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்கள், அவள் வாழ்க்கைப்படுகிறாள். இந்த வினைகளை எடுத்துக் கேள்வியாக்கினால், எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது வேண்டுதலாகவே வந்து முடியும். ‘என்னைத் திருமணம் செய்துகொள்வீர்களா’ என்று மாற்றினாலும் அந்த ‘என்னை’ போகவில்லை.

ஆகவே கேள்வியை இரண்டு வாக்கியங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் நீங்கள் எழுவாயாக இருக்க வேண்டும்: “உங்களைத் திருமணம் செய்துகொள்ள நான் விரும்புகிறேன்.” இரண்டாவதில் இருவரும் எழுவாயாக இருக்க வேண்டும்: “நாம் திருமணம் செய்துகொள்வோமா?” முதலாவது உங்கள் மனதை நிபந்தனை இல்லாமல் சொல்லிவிடுகிறது. இரண்டாவது, அவருடைய விருப்பத்துக்கு முழு இடமும் விட்டு, சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு அவரை அழைக்கிறது. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ என்று இரண்டு சொற்கள் தமிழில் தனித்தனியே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ என்பதே இரண்டுக்கும் வழங்கக் கேட்டிருக்கிறேன். நம் மலையகப் பேச்சிலோ ‘நாம’, ‘நம்ம’ என்பவை ‘நாங்க’, ‘எங்க’ என்பவற்றிலிருந்து இன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ‘நம்ம வீடு’ என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவருக்கும் அதில் பங்கு கொடுத்துவிட்டோம் என்று பொருள்.

இதை நான் பட்டே அறிந்தேன். பல வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் இருந்துகொண்டு என் கணவருக்கு இப்படியொரு கடிதத்தை நானும் எழுதினேன். கலியாணத்தைக் கேட்கும் வரியில் பழக்கதோஷத்தில் ‘நாங்கள்’ என்று எழுதி, பிறகு ஒரே கோட்டில் அதை அடித்து, மேலே சிறிய எழுத்தில் ‘நாம்’ என்று எழுதியிருந்தேன். வேறு தாளில் படியெடுக்க நேரமில்லை, அப்படியே அனுப்பினேன். மற்ற எல்லாவற்றையும் விட அந்த அடித்த சொல்தான் தனக்கு விளங்கியது என்று அவர் பிறகு சொன்னார். ஆகையால் ஒரு சொல்லை அடித்து எழுத நேர்ந்தால் அதற்காக நான்காவது தாளையும் கிழிக்க வேண்டாம்.

அடுத்தது, உங்கள் வாக்கியத்தில் இருக்கும் ‘இருந்தால்’, ‘சம்மதித்தால்’ என்ற இரண்டு ‘ஆல்’கள். மரியாதைக்காக எழுதியிருப்பீர்கள், ஆனால் அவை கேள்வியை விழுங்கிவிடுகின்றன. வீட்டில் சம்மதித்தால் என்று எழுதினால், அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் பதில் எழுதலாம். அது பொய்யும் அல்ல, உங்கள் கேள்விக்குப் பதிலும் அல்ல. நீங்கள் அறிய விரும்புவது அவர் மனதை. வீட்டாரின் மனம் அதற்குப் பின்னால் வருவது. கேள்வி நிற்கும் பத்தியில் ஒரு ‘ஆல்’ கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரன் பார்க்கும் செய்தியை மறைக்கச் சொல்லமாட்டேன்; ஐந்து வருடம் பழகியவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. ஆனால் அதைக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்தால் மிரட்டலாகிவிடும். கேள்வி முடிந்து, வேறு பத்தியில், அந்தச் செய்தியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தங்கை கலியாணம் முடிந்தும் ஏன் பேசவில்லை என்ற மனத்தாங்கலை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். அது நியாயமான மனத்தாங்கல்தான். ஆனாலும் மனத்தாங்கலை வாசித்தவர் முதலில் அதற்குத்தான் சமாதானம் சொல்வார். கடன் இருந்தது, கடையில் விடுப்பு இல்லை என்று ஒரு பக்கம் எழுதி, கேள்வியை அப்படியே விட்டுவிடுவார்.

பெண் கேட்பது தகுமா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் கேட்கவில்லை, அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் எழுத உட்காரும்போது அந்தத் தயக்கம் கையைப் பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னால் தானே சொல்வதில்லை என்று தொல்காப்பியத்தின் களவியல் விதிக்கிறது. அதே அகப்பாட்டு மரபில்தான் ‘வரைவு கடாதல்’ என்றொரு துறையும் இருக்கிறது. வரைவு என்பது திருமணம், கடாதல் என்பது வற்புறுத்திக் கேட்டல். களவு என்ற மறைவான காதலிலேயே நாளைக் கடத்தும் தலைவனிடம் இனி மணந்துகொள் என்று தலைவிக்காகத் தோழி பேசும் இடம் அது. பெண்ணின் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி எழுவது நம் மொழிக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அந்தத் துறையே சாட்சி. தோழியின் வாயில் வைத்ததை நீங்கள் உங்கள் கையெழுத்தில் வைக்கிறீர்கள், அவ்வளவே.

இன்னொரு தயக்கம் அவர் பக்கத்தில் இருக்கக்கூடும். பெண்ணே கேட்டுவிட்டாள் என்றால் தன் அம்மா என்ன நினைப்பார் என்று அவர் யோசிக்கலாம். நீங்கள் அவரைக் கேட்பதும், அவர் வீட்டார் உங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டுப் பரிசம் போடுவதும் வேறு வேறு காரியங்கள். முதலாவது உங்கள் இருவருக்குள் முடிவது. இரண்டாவது வழக்கப்படி நடந்துகொள்ளலாம். அதை ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். நாள், மண்டபம், பதிவு பற்றியெல்லாம் இதில் எழுதாதீர்கள். மார்கழியில் நல்ல காரியம் பேசத் தயங்குகிற வீடுகள் இருப்பதால், வீட்டார் வருவதைத் தைக்கு வைக்கலாம் என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.

சரி, எழுதிப் பார்ப்போம். தொடக்கத்துக்குக் கவிதை எதுவும் தேட வேண்டாம். அந்தக் கொப்பிகள் இருக்கின்றன. அவர் நல்லவர், அன்பானவர் என்று பத்து வரி எழுதுவதை விட, நீங்கள் கண்ணால் கண்ட அந்த ஒன்று போதும்.

“அன்புள்ள (நீங்கள் அவரை அழைக்கும் பெயர்),

இதைத் தனியாக இருக்கும்போது வாசியுங்கள். தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

மண் சரிந்து பாதை மூடிய அன்று, நீங்கள் நனைந்துகொண்டு வந்து சட்டைக்குள்ளிருந்து கொப்பிகளை எடுத்துக் கொடுத்தீர்கள். மேலே இருந்த ஒன்றின் ஓரம் மட்டும்தான் ஈரமாகியிருந்தது. வாழ்வதென்றால் இவரோடுதான் என்று அன்றைக்கே என் மனதில் முடிவாகிவிட்டது. அதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

உங்களைத் திருமணம் செய்துகொள்ள நான் விரும்புகிறேன். நாம் திருமணம் செய்துகொள்வோமா?

எங்கள் வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அதில் எனக்கு மனம் இல்லை. உங்களை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. உங்கள் பதில் தெரிந்தால் அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்ல முடியும். உங்களுக்குச் சம்மதம் என்றால், உங்கள் வீட்டார் தையில் வந்து முறைப்படி கேட்கட்டும். சம்மதம் இல்லை என்றாலும் அதை எனக்கு நேராகச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
(உங்கள் பெயர்)”

கொப்பியின் ஓரம் நனைந்தது என் கற்பனை. அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையில் நினைவிருப்பதை எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வரியையே விட்டுவிடுங்கள். அவரை நீங்கள் ‘நீ’ என்று அழைப்பவரானால் கடிதம் முழுவதும் ‘நீ’ என்றே எழுதுங்கள். கேள்வி வரும்போது மட்டும் ‘நீங்கள்’ என்று மாறினால், வாசிப்பவருக்கு நீங்கள் திடீரென்று தள்ளி நின்றுவிட்டது போல இருக்கும். கேள்விக்கு அடுத்த பத்தியில் உள்ள ‘தெரிந்தால்’, ‘என்றால்’, ‘என்றாலும்’ என்பவற்றைக் கண்டு குழம்ப வேண்டாம். கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு, வரப்போகும் பதிலைப் பற்றிப் பேசும்போது அவை வரத்தான் வேண்டும்.

பதில் வந்ததும் அதில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘செய்துகொள்வோம்’, ‘சம்மதம்’ என்று இருந்தால் அது பதில். ‘முடியாது’ என்பதும், எவ்வளவு வலித்தாலும், பதில்தான். ‘பார்க்கலாம்’, ‘காலம் வரட்டும்’ என்பவை பதில் அல்ல. அப்படி வந்தால் இரண்டாவது கடிதம் எழுதாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு அவர் ஊருக்கு வரும்போது நேரில், இதே கேள்வியை, இதே சொற்களில் ஒருமுறை கேளுங்கள். அப்போதும் அவர் ‘பார்க்கலாம்’ என்றால், அதை அவருடைய மறுப்பாக எடுத்துக்கொண்டு உங்கள் வழியை நீங்கள் முடிவு செய்யலாம். அதற்குப் பிறகும் அவருக்காகக் காத்திருக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

அனுப்புவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடை முகவரிக்கு அனுப்பினால் முதலாளியின் மேசைக்குப் போய், நான்கு கைகள் மாறித்தான் அவரிடம் வரும். அவர் தங்கியிருக்கும் அறையின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பதிலையும் தோட்டத்து முகவரிக்கு எழுதச் சொல்லாதீர்கள்; லயத்துக்கு வரும் தபால் தோட்டக் காரியாலயம் வழியாகத்தான் வருகிறது என்பதும், சில வேளை நாட்கணக்கில் அங்கேயே கிடந்துவிடும் என்பதும் உங்களுக்கே தெரியும். பாடசாலை முகவரியைக் கொடுங்கள், அல்லது டவுனில் நம்பிக்கையான ஒரு தோழியின் வீட்டு முகவரியைக் கொடுங்கள். கடிதத்தில் குறித்த இரண்டு வாரத்தை நீங்கள் எழுதிய நாளிலிருந்து எண்ணாமல், அது அவர் கைக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.