தோற்ற நாட்டின் கையிலேயே வீட்டோ இருந்தால், உலக நீதிமன்றத் தீர்ப்பு என்ன ஆகும்?

கேள்வி: மேடம், நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் மூட் கோர்ட் இருக்கிறது. எங்களுக்குக் கொடுத்திருக்கும் கற்பனை வழக்கில் ஒரு சின்ன நாடு சர்வதேச நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டது, தோற்ற நாடு பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர், தீர்ப்பை ஏற்க முடியாது என்கிறது. நான் சின்ன நாட்டுக்காகப் பேச வேண்டும். ஐ.நா. சாசனத்தின் பிரிவு 94-ஐ வைத்து கவுன்சிலைக் கட்டாயப்படுத்த முடியுமா? முடியாதென்றால் வேறு என்னதான் செய்வது?

பதில்: கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் கவுன்சிலுக்குப் போக வேண்டும், எப்படிப் போகிறோம் என்பதில்தான் உங்கள் வாதமே இருக்கிறது.

முதலில் பிரிவு 94-ஐ ஒரு தாளில் கையால் எழுதிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூட் கோர்ட்டுகளில் நடுவராக உட்காரும்போது நான் அதிகம் பார்க்கும் தவறு இந்த ஒரு பிரிவைச் சரியாகப் படிக்காததுதான். முதல் உட்பிரிவு, தான் தரப்பாக இருக்கும் வழக்கில் நீதிமன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஒவ்வொரு உறுப்பு நாடும் உறுதி கொடுக்கிறது என்கிறது. இரண்டாவது உட்பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது: தீர்ப்பின்படி உள்ள கடமையை ஒரு தரப்பு நிறைவேற்றத் தவறினால் மறுதரப்பு பாதுகாப்பு கவுன்சிலை நாடலாம், கவுன்சில் அவசியம் என்று கருதினால் பரிந்துரை செய்யலாம் அல்லது தீர்ப்பைச் செயல்படுத்த நடவடிக்கைகளை முடிவு செய்யலாம். எத்தனை 'லாம்' என்று எண்ணிப் பாருங்கள். 'அவசியம் என்று கருதினால்' என்ற சொல்லும் கூடவே நிற்கிறது. நம்மூரில் டிக்ரி வாங்கியவர் அதை நிறைவேற்றக் கோரி ஈ.பி. என்ற மனு போட்டால் கோர்ட் அதை எடுத்தே ஆக வேண்டும், அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்பார். இங்கே ஈ.பி. போடும் உரிமை உண்டு, அமீனாவை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அதனால் 'கவுன்சில் செயல்பட்டே ஆக வேண்டும்' என்று உங்கள் மெமோரியலில் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதி அத்தனையையும் சாய்த்துவிடும்.

இப்போது வீட்டோ, அதாவது ஒரு நிரந்தர உறுப்பினரின் எதிர் வாக்கே தீர்மானத்தைச் சாய்த்துவிடும் அதிகாரம். உங்கள் வழக்கு அப்படியே நிகராகுவா வழக்குதான், அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிகராகுவா 1984 ஏப்ரல் 9 அன்று அமெரிக்கா மீது வழக்குப் போட்டது. நிகராகுவா அரசை எதிர்த்துச் சண்டை போட்ட கான்ட்ரா படைகளுக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்தது, துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தது என்பதெல்லாம் குற்றச்சாட்டு. நீதிமன்றம் தனக்கு விசாரிக்க அதிகாரம் உண்டு என்று அந்த ஆண்டு நவம்பரில் சொன்னதும் அமெரிக்கா 1985 ஜனவரியில் வழக்கை விட்டே வெளியேறிவிட்டது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் கடைசியில் உள்ள ஆணைப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், 16 அம்சங்கள் இருக்கும். சட்டத்தை மீறும் செயல்களை உடனே நிறுத்த வேண்டும் என்பது ஒன்று, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் எவ்வளவு இழப்பீடு என்று தொகை சொல்லப்படவில்லை, இரு தரப்பும் பேசி முடிவுக்கு வராவிட்டால் பின்னால் நீதிமன்றமே தீர்மானிக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், கவுன்சிலிடம் போகும்போது 'இன்ன கடமை, இன்ன தேதியிலிருந்து நிறைவேறவில்லை' என்று காட்ட வேண்டும். தொகையே முடிவாகாத இழப்பீட்டைக் கொடுக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? நிறுத்தச் சொன்ன பகுதியில் அந்தச் சிக்கல் இல்லை. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கான்ட்ராக்களுக்கு 100 மில்லியன் டாலர் கொடுக்க வாக்களித்திருந்தது, தீர்ப்புக்குப் பிறகும் அது நிற்கவில்லை, அக்டோபரில் சட்டமாகவே ஆனது. மீறலுக்கு அதைவிட வெளிப்படையான சான்று கிடைக்காது. உங்கள் கற்பனை வழக்கிலும் ஆணைப் பகுதியை அம்சம் அம்சமாகப் பிரித்து, எது இன்றே செய்ய வேண்டியது, எது இன்னும் கனியாதது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, நிகராகுவா கவுன்சிலுக்குப் போனது. 1986 ஜூலை 31 அன்று முதல் வரைவுத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது: 11 ஆதரவு, 1 எதிர்ப்பு, 3 ஒதுங்கல். அந்த ஒரு எதிர்ப்பு அமெரிக்காவுடையது, தீர்மானம் செத்தது. அக்டோபரில் பிரிவு 94-ஐப் பெயர் சொல்லியே மறுபடி போனார்கள். 28ஆம் தேதி வாக்கெடுப்பில் அதே கணக்கு, அதே முடிவு. பிரிட்டன், பிரான்ஸ், தாய்லாந்து ஒதுங்கிக்கொண்டன. அந்த அக்டோபர் வரைவில் பொருளாதாரத் தடை கிடையாது, படை கிடையாது, தீர்ப்புக்கு முழுமையாகவும் உடனடியாகவும் கட்டுப்படும்படி அழைப்பு விடுத்தது, அவ்வளவுதான். அந்த அழைப்பையே வீட்டோ செய்தார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இங்கே நடுவர்கள் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: தன் வழக்கில் தானே வாக்களிப்பது சரியா? பிரிவு 27(3)-ஐத் திறந்துகொள்ளுங்கள். நடைமுறை சாராத விஷயங்களில் ஒன்பது வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர்கள் எதிர்க்காமல் இருக்க வேண்டும். அதே இடத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது: அத்தியாயம் 6-ன் கீழ் எடுக்கும் முடிவுகளில், தகராறின் தரப்பாக உள்ள நாடு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும். பிரிவு 94 இருப்பதோ அத்தியாயம் 14-ல். அதாவது தீர்ப்பை அமல்படுத்தும் பிரிவை நேரடியாகப் பிடித்தால் விலக்கு கிடைக்காது, தோற்ற நாடு நிம்மதியாகக் கை தூக்கலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வரைவை அத்தியாயம் 6-ன் கீழ், அமைதிக்கு ஆபத்தாகக்கூடிய ஒரு தகராறு பற்றிய பரிந்துரையாக எழுதிவிட்டு, 'இது எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள தகராறு, ஆகவே அவர்கள் ஒதுங்க வேண்டும்' என்று வாதாடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதன்மை வாதமாக வைப்பேன், சாசனத்தின் சொற்கள் அப்போது உங்கள் பக்கம் நிற்கின்றன. ஆனால் அதன் இரண்டு பலவீனங்களை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒன்று, அத்தியாயம் 6-ல் கிடைப்பது பரிந்துரை மட்டும், கட்டுப்படுத்தும் முடிவு அல்ல. இரண்டு, நடைமுறை உங்களுக்கு எதிராக இருக்கிறது. 1976 பிப்ரவரியில் கோமொரோஸ் நாட்டுக்கும் பிரான்ஸுக்கும் மயோட் தீவு பற்றித் தகராறு வந்தபோது, பிரான்ஸ் ஒதுங்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கவுன்சிலிலேயே ஆட்சேபித்தார்கள், இருந்தும் பிரான்ஸின் எதிர் வாக்கு வீட்டோவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அப்புறம், வீட்டோ விழும் என்று தெரிந்தே ஏன் போக வேண்டும்? நிகராகுவா அடுத்து என்ன செய்தது என்று பாருங்கள். அக்டோபர் 28-ல் வீட்டோ, நவம்பர் 3-ல் பொதுச்சபை. ஆறே நாள். தீர்ப்புக்குக் கட்டுப்படக் கோரும் தீர்மானம் 41/31 அங்கே 94 ஆதரவு, 3 எதிர்ப்பு, 47 ஒதுங்கல் என்று நிறைவேறியது. பொதுச்சபைத் தீர்மானம் அமெரிக்காவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாதுதான். ஆனால் கவுன்சில் வழி அடைபட்டது என்பதற்கு இரண்டு வாக்கெடுப்புகள் பதிவில் இருந்ததால்தான் அந்தக் கதவைத் தட்டும்போது நிகராகுவாவின் கை வலுத்தது. இழப்பீட்டு வழக்கு நீதிமன்றத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தது, 1990 தேர்தலில் வயலெட்டா சமோரோ ஆட்சிக்கு வந்தபின் 1991 செப்டம்பரில் நிகராகுவாவே அதை வாபஸ் வாங்கிவிட்டது. தொகை கடைசிவரை தீர்மானிக்கப்படவில்லை.

தோற்ற நாட்டின் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போனால் என்ன என்று யாராவது கேட்டால், மெடெயின் வழக்கைச் சொல்லுங்கள். மரண தண்டனை பெற்ற மெக்ஸிகோ நாட்டவர் வழக்குகளை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-ல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-ல், பிரிவு 94 உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு நேரடிக் கட்டளை இல்லை, சாசனம் காட்டும் பரிகாரம் பாதுகாப்பு கவுன்சில்தான் என்று சொல்லிவிட்டது. கவுன்சிலில் அமெரிக்காவுக்கு வீட்டோ இருப்பதையும் அந்தத் தீர்ப்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த மெக்ஸிகோ நாட்டவர்களில் ஒருவரான மெடெயினை அந்த ஆகஸ்டில் டெக்ஸாஸில் ஊசி போட்டுக் கொன்றார்கள்.

கவுன்சில் எப்போதுமே பயன்படாது என்று நினைத்துவிடாதீர்கள். லிபியாவும் அதன் அண்டை நாடான சாட் நாடும் அவுஸூ என்ற பாலைவனப் பட்டைக்காகச் சண்டை போட்டு, பிறகு நீதிமன்றம் போனார்கள். 1994 பிப்ரவரி 3 அன்று சாடுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. லிபியா வெளியேறச் சம்மதித்தது, ஆனால் வெளியேறியதை யார் பார்த்துச் சொல்வது? ஐ.நா. குழு போக வேண்டும், லிபியா மீதோ அப்போது வான்வழித் தடை இருந்தது, ஐ.நா. விமானமே இறங்க முடியாது. கவுன்சில் ஏப்ரலில் தீர்மானம் 910 போட்டு அந்த விமானத்துக்கு விலக்கு கொடுத்தது, மே 4-ல் தீர்மானம் 915 மூலம் ஒன்பது பார்வையாளர்களை அனுப்பியது, அந்த மாத இறுதிக்குள் லிபியப் படை வெளியேறிவிட்டது. தோற்றவர் மனம் வைத்தால் இவ்வளவு சின்னக் குழு போதும். உங்கள் எதிர்த்தரப்பு தீர்ப்பின் ஏதாவது ஒரு பகுதியையாவது ஏற்கிறதா என்று வழக்குக் குறிப்பில் தேடுங்கள், இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கண்காணிப்புக் குழு கேட்பது நீங்கள் வைக்கக்கூடிய நல்ல மாற்றுக் கோரிக்கை.

கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் குறிப்பில் இருப்பது இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா? பிரிவு 94-ன் முதல் உட்பிரிவு 'முடிவு' என்கிறது, இரண்டாவது 'தீர்ப்பு' என்கிறது. இடைக்கால உத்தரவும் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் 2001-ல் லாகிராண்ட் வழக்கில் சொல்லிவிட்டது, ஆனால் அதை வைத்து இரண்டாவது உட்பிரிவின்கீழ் போக முடியுமா என்பது இன்னும் வாதத்துக்குரியது. 1951-ல் ஈரான் எண்ணெய் விவகாரத்தில் பிரிட்டன் இப்படி ஓர் இடைக்கால உத்தரவைத் தூக்கிக்கொண்டு கவுன்சிலுக்குப் போனது. நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று அது சொல்லட்டும் என்று கவுன்சில் ஒத்திவைத்தது, மறு ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.