எந்தப் பக்கம் நிழலிடுவது?

கேள்வி: ஓவர்ஷூட் 10%-க்குள், செட்டிலிங் டைம் 2 நொடிக்குள், ரைஸ் டைம் 0.6 நொடிக்குள் என்று கொடுத்து, s-தளத்தில் துருவங்கள் இருக்கக்கூடிய பகுதியை நிழலிடச் சொல்கிறார்கள். கோடுகளைப் போட்டுவிடுகிறேன், பக்கம்தான் மாறிப்போகிறது. வட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

பதில்: வெளியே. பக்கத்தை மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மறந்துவிடும். துருவத்தின் இடம் எதைச் சொல்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

துருவம் −σ ± jω என்றால், அலைவு e^(−σt) என்ற வேகத்தில் அடங்குகிறது. 2% வரம்புக்கு செட்டிலிங் டைம் ஏறத்தாழ 4/σ. 2 நொடிக்குள் அடங்க வேண்டுமானால் σ குறைந்தது 2. ஆகவே −2-இல் ஒரு செங்குத்துக் கோடு, அதற்கு இடப்பக்கம் நிழல்.

ஓவர்ஷூட்டைத் தீர்மானிப்பது கோணம் மட்டுமே. 10%-க்கு தணிப்பு விகிதம் ζ = 0.59 வருகிறது. எதிர் மெய் அச்சிலிருந்து அளந்தால் cos θ = ζ, அதாவது θ ஏறத்தாழ 54°. ஆதியிலிருந்து அச்சுக்கு மேலும் கீழும் 54°-இல் இரு கோடுகள். மெய் அச்சை ஒட்டிய துருவம் ஆடாது, கற்பனை அச்சை நெருங்கியது ஆடும். எனவே இரு கோடுகளுக்கும் நடுவில் நிழல். கோணத்தைக் கற்பனை அச்சிலிருந்து அளக்கும் புத்தகங்களும் உண்டு. அங்கே sin θ = ζ. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் நிறைய பேருக்கு 54° வரவேண்டிய இடத்தில் 36° வருகிறது.

ஆதியிலிருந்து துருவம் இருக்கும் தூரம் ωn. தூரம் கூடக் கூட வேகம் கூடும். ரைஸ் டைமுக்கு (10%-இலிருந்து 90% வரை) வழக்கமான தோராயம் 1.8/ωn. 0.6 நொடிக்கு ωn குறைந்தது 3, அதனால்தான் ஆரம் 3 உள்ள வட்டத்துக்கு வெளியே. செங்குத்துக் கோட்டை இந்த வட்டம் ±2.24 உயரத்தில் வெட்டும், 54° கோடு ±2.73-இல். ஆக, வட்டம் கடிப்பது மெய் அச்சை ஒட்டிய சிறு துண்டை மட்டும்தான்.

நிழலிட்டதும் ஒரு புள்ளியை எடுத்துச் சோதியுங்கள். −4 ± j2 எடுத்தால் σ = 4, தூரம் 4.47, கோணம் 27°. மூன்றும் சரி, ஆகவே அது நிழலுக்குள் விழ வேண்டும். விழவில்லையென்றால் எங்கோ பக்கம் மாறிவிட்டது.

இனி, தேர்வுத்தாளில் யாரும் கேட்காத, ஆனால் ஆய்வகத்தில் காலை வாரும் விஷயம். மோட்டாரின் நிலையைக் கட்டுப்படுத்தும் ஒரு லூப்பை எடுத்துக்கொள்வோம்: K/(s(s+5)), ஒற்றைப் பின்னூட்டம். பண்புச் சமன்பாடு s² + 5s + K = 0. துருவங்கள் சிக்கலெண்களாக இருக்கும்வரை K-ஐ எவ்வளவு மாற்றினாலும் σ 2.5-இலேயே நிற்கும், துருவங்கள் செங்குத்தாக ஏறி இறங்கும். ωn = √K என்பதால் வட்டம் K ≥ 9 என்கிறது. 54° கோடு K-ஐ 17.9-க்குள் நிறுத்துகிறது.

K = 9 வைத்துப் பாருங்கள். துருவம் சரியாக வட்டத்தின் மேலேயே உட்காருகிறது, ஆனால் உண்மையான ரைஸ் டைம் 0.87 நொடி! காரணம், 1.8 என்ற எண் ζ 0.6-க்கு அருகில்தான் பொருந்தும். இங்கே ζ 0.83, அங்கே அந்த எண் 2.6 ஆகிவிடுகிறது. K = 12-க்குக்கூட 0.63 நொடி. 13-க்கு வந்தால்தான் 0.58 கிடைக்கிறது. எனவே வட்டத்தை ஒட்டி, அதுவும் மெய் அச்சுப் பக்கம், துருவத்தை வைக்காதீர்கள். நான் K = 16 எடுப்பேன்: ஓவர்ஷூட் 8%, ரைஸ் டைம் 0.48 நொடி, 1.5 நொடியில் அடங்கிவிடும்.

இன்னொன்று. இந்தப் படம் முழுவதும் பூச்சியம் இல்லாத இரண்டாம் வரிசை அமைப்புக்கானது. அதே துருவங்கள் −2.5 ± j3.12 இருக்கும்போது, PD கட்டுப்படுத்தியால் மூடிய லூப்பில் −2.5-இல் ஒரு பூச்சியம் வந்தால் ஓவர்ஷூட் 8%-இலிருந்து 35%-க்குத் தாவும். துருவம் நிழலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும். மூன்றாவது துருவம் இருந்தாலும், அது σ-வைப்போல் ஐந்து மடங்காவது இடப்பக்கம் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப் ரெஸ்பான்ஸ் வரைந்து அளவுகளைச் சரிபார்க்காமல் K-ஐ முடிவுசெய்யாதீர்கள்.