அடை இழுக்கிறதா, நடுவில் வேகவில்லையா? கேள்வி பதில்

அக்கா, கிரைண்டரில் அரைச்ச மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. ஆனா அடை ரப்பர் மாதிரி இழுக்குது. எங்கே தப்பு?

வெண்ணெய் மாதிரி வந்ததுதான் தப்பு. தோசைக்கு அது சரி. அடையோ கனமாக வார்ப்பது. நைசான மாவைக் கனமாக வார்த்தால் உள்ளே இருக்கும் ஆவிக்கு வெளியேற வழியில்லாமல் களி போல இறுகிவிடும். கரகரப்பான மாவில் பருப்புத் துண்டுகளுக்கு இடையில் சந்து இருக்கும், எண்ணெயும் சூடும் அதற்குள் போகும்.

நான் எடுப்பது இட்லி அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு 1, கடலைப்பருப்பு 1, உளுந்து கால். அரிசி மூன்று மணி நேரம் ஊறட்டும். பருப்புகளைத் தனியாக ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். கிரைண்டரை விட்டு மிக்ஸிக்கு வாருங்கள். முதலில் அரிசியோடு எட்டு வரமிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து ரவைப் பதத்தில் அரைத்து எடுத்துவிடுங்கள். பிறகு தண்ணீர் வடித்த பருப்பைப் போட்டு, ஓடவிடாமல் விட்டு விட்டு ஐந்தாறு முறை திருகினால் முடிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் ரவை நெருடவேண்டும், அங்கங்கே பாதி கடலைப்பருப்பு கண்ணில் படவேண்டும். கரண்டியைச் சரித்தால் மாவு ஓடக்கூடாது, பொத்தென்று விழவேண்டும்.

மாவை ராத்திரி முழுக்க புளிக்க வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க. அப்போதான் மெத்துன்னு வருமாம்.

மெத்தென்று வரும் என்பது உண்மைதான். ஆனால் அடைக்கு அந்த மெத்து வேண்டுமா என்பதுதான் கேள்வி. அரைத்ததும் அரைமணி வைத்தால் போதும், நொய் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு மாவு சேர்ந்து வரும். ராத்திரி வெளியே வைத்தால் பருப்பு வாசனையே மாறிவிடும். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் லேசாகப் புளித்த மாவில் வெங்காயம் போட்டு வார்த்தால் அது ஒரு தனி ருசி. மாமியாருக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள்.

எனக்கு மாவு சரியாத்தான் இருக்கு. ஓரம் கருகிடுது, நடுவுல பச்சை மாவு. நான்ஸ்டிக் கல்.

கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிட்டு வார்க்கவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஒன்றரைக் கரண்டி மாவை நடுவில் கொட்டி, தோசை போலச் சுழற்றாமல், கரண்டியின் அடியால் தட்டித் தட்டி ஓரத்துக்குத் தள்ளுங்கள். மூன்று சப்பாத்தியை அடுக்கிய கனம் இருக்கலாம். பிறகு தோசைத்திருப்பியின் முனையால் நடுவில் ஒரு ஓட்டை; அதில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய், சுற்றிலும் ஒரு ஸ்பூன்.

இனி காதுதான் வேலை செய்யவேண்டும். ஓட்டைக்குள் எண்ணெய் முதலில் சடசடவென்று கொதிக்கும். அந்தச் சத்தம் அடங்கி, ஓரம் தானாகத் தூக்கும்போது திருப்புங்கள். என் இரும்புக் கல்லில் நாலு நிமிடம் ஆகும், மறுபக்கம் மூன்று. மூடி போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் மொறுமொறுப்பு போய்விடும். நான்ஸ்டிக்கிலும் அடை வரும், ஆனால் இரும்பில் வரும் அந்தச் சிவப்பு வராது.

எனக்குச் சர்க்கரை. அரிசியே இல்லாமல் பருப்பு மட்டும் போட்டேன், திருப்பும்போது உடைஞ்சு போச்சு. பெசரட்டும் அப்படித்தானே, அதுல அரிசி கிடையாதே?

இரண்டும் ஒன்றில்லை. பெசரட்டு முழுப் பச்சைப்பயறில் செய்வது. அதை ராத்திரியே ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து அடையைவிட நைசாக அரைத்து, மெல்லிசாகத் தேய்ப்பார்கள். அதனால் உடையாது. கடலைப்பருப்பு நொய்க்கு அந்தப் பிடிப்பு கிடையாது. உளுந்தை அரை டம்ளராக்கி, அதை மட்டும் நைசாக அரைத்துக் கலந்து, சின்னதாக வார்த்துப் பாருங்கள். சர்க்கரைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் விஜயவாடாவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பெசரட்டுக்கு ஒரு பிடி அரிசி போடுவார்கள், மொறுமொறுப்புக்கு. "அரிசி கிடையாது" என்பது முழுக்கச் சரியில்லை.

சரிதான் சார், நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சில வீட்டில் போடுவார்கள், சில வீட்டில் போடமாட்டார்கள். உள்ளே உப்புமா வைத்து, அல்லம் பச்சடியோடு சாப்பிடுவதில்தான் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள் போல.

முருங்கைக்கீரை எப்போ போடணும்? எல்லாத்தையும் ஒண்ணாவே ஊறப்போட்டு அரைக்கிறோம், நல்லாத்தான் வருது.

கீரையை உருவி, வார்க்கும் முன் கலந்தால் போதும். முன்னாலேயே போட்டால் கறுத்துவிடும். ஒன்றாக ஊறவைத்தால் அரிசிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பருப்பு அதிகம் ஊறி, மிக்ஸியில் சட்டென்று மாவாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது. உங்களுக்கு நன்றாக வருகிறது என்றால், திருகுவதை நீங்கள் சரியான இடத்தில் நிறுத்துகிறீர்கள். எத்தனை திருகு என்று எண்ணிச் சொல்லுங்கள், நானும் ஒருதரம் அப்படிச் செய்து பார்க்கிறேன்.