12GB என்று ஒட்டியிருக்கும் போனில் உண்மையில் எத்தனை ஜிபி?

கேள்வி: உம்மாவுக்கு ஒரு போன் எடுக்க வேணும். அக்கரைப்பற்றில் ஒரு கடையில இரண்டு போன் காட்டினாங்க. ஒன்றில் 12GB RAM, 64GB. மற்றதில் 6GB RAM, 128GB, விலை 9,000 ரூபா கூட. உம்மா வட்ஸ்அப், பேங்க் ஆப், யூடியூப் இவ்வளவும்தான் பாவிப்பா. விலையும் குறைவு, ஜிபியும் கூட எண்டால் முதலாவதையே எடுக்கலாம்தானே?

பதில்:

இல்லை, 6 ஜிபி போனை எடுங்கள். நீங்கள் பார்த்த இரண்டு போனும் என் கையில் இல்லை. ஆனாலும் 64 ஜிபி சேமிப்பிடத்தோடு 12 ஜிபி ரேம் என்று ஒட்டியிருந்தால், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பொடி எழுத்தில் `4GB + 8GB*` என்று இருக்கும். அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் இன்னும் பொடியாக, அடியில் கிடக்கும். முதல் 4தான் போனுக்குள் இருக்கும் ரேம். மற்ற 8, அந்த 64 ஜிபி சேமிப்பிடத்திலிருந்து வெட்டி எடுத்து ரேம் என்று பெயர் வைத்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இரண்டையும் கூட்டிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். மருதமுனையில் என் மாமா கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்கிறார், ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். இரண்டு வருசத்துக்கு முதல் அவருக்கு 8 ஜிபி என்று சொல்லி ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். உண்மையில் அது 3 கூட்டல் 5. ஒரு மாதம் பிழையில்லாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் கோல் எடுத்தார். "மருமகன், இந்த பேங்க் என்னை உள்ளுக்க விடுகுதில்ல. நம்பர் வருகுது, பார்த்துட்டுத் திரும்பிப் போனா முதல்ல இரிந்து கேக்குது."

போய்ப் பார்த்தேன். பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும் இடம்வரை போகிறார், ஓடிபி எஸ்எம்எஸ் வருகிறது, அதைப் பார்க்க வெளியே வருகிறார். திரும்பிப் போகும்போது ஆப் மூடப்பட்டு, லோகின் பக்கத்தில் நிற்கிறது. வட்ஸ்அப்பிலும் அதே கதைதான். சாரனைப் படம் எடுக்க கமராவைத் திறந்தால் வட்ஸ்அப் பின்னால் செத்துவிடும், எடுத்த படமும் அனுப்புபடாது. பேங்கில் ஒரு பிழையும் இல்லை. ரேம் போதாமல் போன் தானாகவே ஆப்பை மூடுகிறது.

அப்படியென்றால் அந்த 5 ஜிபி என்ன செய்தது? அது இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் அது செய்கிற வேலை வேறு. நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் ஆப் உண்மையான ரேமில்தான் ஓட வேண்டும். பின்னால் சும்மா கிடக்கிற ஆப்களின் பகுதிகளை மட்டும் சேமிப்பிடத்துக்கு மாற்றி வைக்கலாம். திரும்பத் தேவைப்படும்போது அவற்றை அங்கிருந்து ரேமுக்குத் தூக்கி வர வேண்டும். மாமாவின் கடையில் மேசைமேல் விரித்த சாரனும் பின் அறையில் கட்டிக் கிடக்கும் சாரனும் மாதிரி.

தூரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. விலை குறைந்த போன்களின் ரேம்கூட, கணக்குப்படி, ஒரு செக்கனுக்கு 12,000 முதல் 17,000 எம்பி வரை நகர்த்தும். `eMMC 5.1` என்ற வகைச் சேமிப்பிடத்தின் உச்ச எல்லையே 400 எம்பி, நடைமுறையில் 300ஐத் தொட்டால் நல்லது. துண்டு துண்டாகப் படிக்கும்போது இன்னும் விழும், ரேமுக்கு மாற்றுவது பெரும்பாலும் அப்படித் துண்டு துண்டாகத்தான். போன் இந்த இழுபறியில் திணறத் தொடங்கினால், அன்ட்ரொயிட்டில் நினைவகத்தைக் காவல் காக்கும் பகுதி அதைக் கவனித்துவிட்டு, அந்த 5 ஜிபியில் இடம் மிச்சம் இருக்கும்போதே பின்னால் உள்ள ஆப்பைக் கொன்றுவிடும். மாமாவுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே உங்கள் இரண்டு போனையும் ஒப்பிட, ரேமுக்கு அடுத்ததாகச் சேமிப்பிடத்தின் வகையைப் பாருங்கள். `UFS 2.2` என்று இருந்தால் eMMCயைவிட மூன்று மடங்குக்குக் கிட்ட வேகமாகப் படிக்கும், ஆப் திறக்கும் நேரத்திலேயே அது தெரியும். அந்த வரியே போனின் விபரத் தாளில் இல்லாவிட்டால் eMMC என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். நல்லதைப் போட்டவன் எழுதாமல் விடமாட்டான்.

இடக் கணக்கையும் போட்டுவிடுவோம். 64 ஜிபியில் போனின் சொந்த மென்பொருளுக்கு ஏறக்குறைய 18 போகும். கூட்டிக் காட்டிய 8ஐயும் கழித்தால் மிச்சம் 38. உம்மா இருக்கும் வட்ஸ்அப் குடும்பக் குழுக்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது, ஆனால் பெருநாள் வாழ்த்து வீடியோக்கள் அதைத் தின்ன அதிக காலம் எடுக்காது. சேமிப்பிடம் நிரம்ப நிரம்ப போன் இன்னும் மெதுவாகும். மற்றப் போனில் அதே கணக்குக்கு 110 மிஞ்சும்.

கடையில் வைத்தே சரிபார்க்கலாம். செட்டிங்ஸில் `About phone` திறந்தால், பல போன்களில் `4.00 GB + 8.00 GB` என்று பிரித்தே காட்டும். பிறகு பிரவுசரில் ஏதாவது ஒரு படிவத்தை அரைவாசி நிரப்பிவிட்டு, கமராவில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள், மெப்பைத் திறவுங்கள், யூடியூப்பில் ஒன்றை ஓட விடுங்கள், திரும்பி வாருங்கள். பக்கம் புதிதாக லோட் ஆகி, நீங்கள் எழுதியது அழிந்திருந்தால் ரேம் போதாது. ஒன்று மட்டும்: புதுப் போனில் ஆப் ஒன்றும் இருக்காது, அதனால் பாஸ் பண்ணியது என்பதற்காக முழுக்க நம்பவேண்டாம். ஃபெயில் ஆனால் நம்பலாம்.

இப்படி ஒரு போன் ஏற்கனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டியதில்லை. சேமிப்பிடத்தில் தாராளமாக இடம் இருந்தால் அந்த வசதி கிடக்கட்டும், ஓரளவுக்கு உதவும். இடம் நிரம்பியிருந்தால் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். சாம்சங்கில் `RAM Plus` என்றும் சியோமியில் `Memory extension` என்றும் இருக்கும். போனை நிறுத்தித் திறந்த பிறகுதான் மாற்றம் பிடிக்கும். மாமாவின் போனில் நிறுத்திப் பார்த்தேன், 5 ஜிபி இடம் திரும்பக் கிடைத்தது, ஓடிபி பிரச்சினை போகவில்லை. 3 ஜிபி 3 ஜிபிதான்.

விபரத் தாளில் உள்ள மற்ற எண்கள்? 50 மெகாபிக்சலா 108ஆ என்பது உம்மாவுக்கு ஒரு வித்தியாசமும் செய்யாது, பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் கமராக்கள் எண்ணிக்கை காட்டவே இருக்கின்றன. பட்டரி இரண்டிலும் பெரும்பாலும் ஒரே அளவாகத்தான் இருக்கும். திரையின் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். 450 நிட்ஸ் என்றால் நம்ம ஊர் மத்தியான வெயிலில் வாசலில் நின்று நம்பர் வாசிக்கக் கையால் மறைக்க வேண்டிவரும். அதிலும் `peak` என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டு, `typical` என்பதற்கு நேரே உள்ளதைப் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பதையும் கேளுங்கள், பேங்க் ஆப் இருப்பதால்.

9,000 கூடக் கொடுக்க வழியில்லை என்றால், உண்மையான 4 ஜிபி, 128 ஜிபி உள்ள போன் ஒன்று அந்த முதல் விலைக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் எண் சின்னதாக இருப்பதால் அதை யாரும் முன்னால் எடுத்து வைக்கமாட்டார்கள், கேட்டால்தான் உள்ளே இருந்து வரும்.