செம்பனையா, மரவள்ளியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, சுங்கை சிப்புட்டில் ஐந்து ஏக்கர் சொந்த நிலம் வைத்திருக்கிறேன். ஏக்கருக்குக் கணக்குப் போட்டேன். செம்பனை நட 5,000 வெள்ளி, முதல் இரண்டு வருடம் பராமரிப்பு 1,200 வீதம், மூன்றாம் வருடம் 500 மிச்சம், பிறகு 25ஆம் வருடம் வரை வருடத்துக்கு 2,200. எல்லாம் போக 41,500 வெள்ளி. மரவள்ளியில் வருடம் 1,200. 25 வருடத்துக்கு 30,000தான். அப்போது செம்பனைதானே?

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் 25ஆம் வருடத்து வெள்ளியையும் இன்றைய வெள்ளியையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டிருக்கிறீர்கள். கூட்டுறவுக் கடன் எடுத்து நடப்போவதாக எழுதியிருந்தீர்கள். வட்டி 10 சதவிகிதத்துக்குச் சற்று மேல். உங்கள் வரவு செலவு எல்லாம் இன்றைய விலையில் இருப்பதால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு 8 என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வருடம் கழித்து வரும் பணத்தை 1.08ஆல் வகுக்க வேண்டும், இரண்டு வருடம் என்றால் இரண்டு முறை. அப்படி 25 முறை வகுத்தால், கடைசி வருடத்து 2,200 வெள்ளியின் இன்றைய மதிப்பு 321 வெள்ளிதான். நடும் செலவான 5,000 மட்டும் குறையவே குறையாது, ஏனென்றால் அது இன்றே கைவிட்டுப் போகிறது.

எல்லா வருடத்தையும் இப்படிச் சுருக்கிக் கூட்டினால் செம்பனைக்கு ஏறக்குறைய 11,070 வெள்ளி, மரவள்ளிக்கு 12,810. உங்கள் கடனுக்கு மரவள்ளிதான் முந்துகிறது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த 11,070ஐ 25 வருடத்துக்கும் சம தவணையாகப் பிரித்தால் வருடத்துக்கு 1,037 வரும். இந்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். மரவள்ளியை ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப நட்டால் சத்து உறிஞ்சப்பட்டு விளைச்சல் இறங்கும். உரத்தையும் உங்கள் சொந்த உழைப்புக்கான கூலியையும் கழித்த பிறகு சராசரி 1,037க்குக் கீழே போனால் செம்பனையே மேல். அந்தக் கூலியைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் 1,200லும் அது கழிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. செம்பனைப் பக்கமும் ஒரு குறை உண்டு. மரம் நாலாவது வருடமே முழுக் காய்ப்புக்கு வராது, உச்சம் எட்டு வயதுக்கு மேல்தான். தொடக்க வருடங்களுக்கு 2,200ஐக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

இதே கணக்கை என் மகன் போட்டால் செம்பனை ஜெயிக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். அவர் போட்ட வட்டி என்ன என்று கேளுங்கள். கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து நட்டால், அந்தச் சேமிப்பு வேறு இடத்தில் சம்பாதித்திருக்கும் வட்டிதான் உங்கள் வட்டி. விலைவாசி கழித்து அது 4 என்றால், மேலே உள்ள அதே எண்களுக்குச் செம்பனை 21,440, மரவள்ளி 18,750. 6இல் இரண்டும் கிட்டத்தட்ட சமம்: 15,460, 15,340. ஆறுக்குச் சற்று மேலே போனதும் தராசு மரவள்ளிப் பக்கம் சாய்கிறது. அதனால் வீட்டில் வாதம் செய்ய வேண்டியது பயிரைப் பற்றியல்ல, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான்.

எங்கள் செம்பனைக்கு 24 வயது. அப்பா செலவழித்து நட்டது, வெட்ட மனம் வரவில்லை.

மனம் வராதது புரிகிறது. ஆனால் அப்பா போட்ட பணம் எந்தக் கணக்கிலும் திரும்ப வராது. அடுத்த ஒரு வருடத்தை மட்டும் பாருங்கள். மரம் உயர்ந்துவிட்டால் நீளக் கழி அரிவாளுக்கும் குலை எளிதில் எட்டாது. பழுத்த குலை மட்டைகளுக்குள் மறைந்து நிற்கும், உதிர்ந்த பழங்கள்தான் அடியில் கிடந்து காட்டிக்கொடுக்கும். வெட்டுபவர் அதிகக் கூலி கேட்பார். அந்தக் கூலி, உரம் எல்லாம் போக ஏக்கருக்கு 1,300 நின்றால் இன்னும் ஒரு வருடம் விடுங்கள். 900தான் நிற்கும் என்றால், புதுக் கன்று தரும் 1,037ஐ விட ஒவ்வொரு வருடமும் 137 வெள்ளி இழக்கிறீர்கள். அடித்தண்டில் காளான் முளைத்த மரங்களையும் எண்ணுங்கள், அது கனோடெர்மா அழுகல். புதிதாக நடும்போது அந்தப் பழைய தண்டையும் வேர்க்கட்டையையும் தோண்டி அகற்றும் செலவை 5,000த்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டிஓஎல் எனும் தற்காலிக உரிமத்தில் உள்ள அரசு நிலத்தில் செம்பனை நடலாமா?

வேண்டாம். டிஓஎல் அந்த வருடத்தோடு முடிகிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 12 வருடத்தில் நிலம் கைவிட்டுப் போகும் என்று வைத்தால், 8 சதவிகிதத்தில் செம்பனைக்குக் கிடைப்பது 4,170 வெள்ளி, மரவள்ளிக்கு 9,040. மூன்றாம் வருடமே போனால் செம்பனையில் போட்டதெல்லாம் நஷ்டம், மரவள்ளியைப் பிடுங்கி விற்றுவிட்டு எழுந்து வரலாம்.